கடைக் கவுண்டரில் சேர்த்துவிட்ட மாத வாரண்டி, புரொடெக்‌ஷன் பிளானை நிறுத்துவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில வருஷம் ஒரு மொபைல் ஷோரூமில் பில்லிங் கவுண்டரில் இருந்தேன். அந்த வேலையை விட்டு நாளாகிவிட்டது. ஆனாலும் சொந்தக்காரர்களும் தெருக்காரர்களும் பில்லை எடுத்துக்கொண்டு வந்து ஒரே சந்தேகத்தைத்தான் கேட்கிறார்கள். அதனால் கேள்விகளை அவர்கள் கேட்டபடியே எழுதி, பதிலையும் சேர்த்து வைத்திருக்கிறேன். இதில் வருவதெல்லாம் இந்தியாவில் போன், டிவி, ஃபிரிட்ஜ் போன்றவற்றைக் கடையில் வாங்கும்போது சேரும் பிளான்களைப் பற்றியது.

1. போன் வாங்கி மூணு மாசம் ஆச்சு. மாசாமாசம் 199 ரூபாய் போகுது. எதுக்குன்னே தெரியலை.

முதலில் பணம் எடுத்ததாக வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியைத் திறந்து, யாருக்குப் போயிருக்கிறது என்று பாருங்கள். அங்கே கடையின் பெயர் இருக்காது. வாரண்டி விற்கும் கம்பெனியின் பெயரோ, அதற்காகப் பணம் வசூலிக்கும் கம்பெனியின் பெயரோ இருக்கும். பலர் இதை ஏதோ மோசடி என்று நினைத்துப் பதறுவது அந்தப் பெயர் பழக்கமில்லாததால்தான்.

அடுத்து, போன் வாங்கிய நாளுக்குப் போய் அன்று வந்த குறுஞ்செய்தி, வாட்ஸ்அப், மெயில் எல்லாவற்றையும் பாருங்கள். “உங்கள் பிளான் தொடங்கியது”, “மாண்டேட் பதிவானது” என்று ஏதாவது ஒன்று வந்திருக்கும். மாண்டேட் என்பது உங்கள் கணக்கிலிருந்து தொடர்ந்து பணம் எடுக்க நீங்கள் கொடுக்கும் அனுமதி. பில் போட்ட நேரத்தில் வரிசையாக ஏழெட்டு மெசேஜ் வருவதால் யாரும் அதைப் படிப்பதில்லை. முதல் மாதம் இலவசம் என்று போட்டிருந்தால் பணம் இரண்டாம் மாதம்தான் போக ஆரம்பிக்கும். அதற்குள் கடையில் நடந்ததே மறந்துபோயிருக்கும்.

2. கம்பெனி வாரண்டியே ஒரு வருஷம் இருக்கே, இது வேறயா?

வேறுதான். கம்பெனி வாரண்டி போன் விலைக்குள்ளேயே அடக்கம், அதற்குத் தனியாகக் காசு கிடையாது. தயாரிப்பில் உள்ள குறைக்கு மட்டும் அது பொருந்தும். கீழே விழுந்து ஸ்கிரீன் உடைந்தாலோ தண்ணீர் பட்டாலோ பொருந்தாது. கடையில் விற்பது இரண்டு வகை. கம்பெனி வாரண்டி முடிந்த பிறகு அதே மாதிரி பாதுகாப்பைத் தொடர்வது எக்ஸ்டெண்டட் வாரண்டி. உடைவது, தண்ணீர் படுவது போன்றவற்றுக்கு வாங்கிய நாளிலிருந்தே பொருந்துவது டேமேஜ் புரொடெக்‌ஷன்.

உங்களிடம் இருப்பது இதில் எது என்று கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். பிளான் சான்றிதழில் கவரேஜ் தொடங்கும் தேதி என்று ஒரு வரி இருக்கும். அது வாங்கிய தேதிக்குச் சரியாக ஒரு வருஷம் கழித்து இருந்தால் அது எக்ஸ்டெண்டட் வாரண்டி. அப்படியானால் இந்த முதல் வருஷம் முழுக்க நீங்கள் கட்டும் பணத்துக்கு எந்தச் சேவையும் இன்னும் தொடங்கவில்லை. பணத்தைத் திரும்பக் கேட்கும்போது இதைவிட வலுவான வாதம் கிடையாது. 11-ஆம் கேள்வியில் இது மறுபடி வரும்.

3. பணம் எந்த வழியா போகுதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஸ்டேட்மெண்ட் அல்லது பாஸ்புக்கில் அந்த வரி எப்படி ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். `UPI` என்று ஆரம்பித்தால் யுபிஐ ஆட்டோபே. `ACH D` அல்லது `NACH` என்று இருந்தால் வங்கிக் கணக்கிலிருந்து நேராக எடுக்க நீங்கள் கொடுத்த அனுமதி. கார்டு ஸ்டேட்மெண்டில் வந்தால் கார்டில் பதிந்த தொடர் கட்டளை.

199 ரூபாய்க்குத் தனி வரியே காணோம், ஆனால் இஎம்ஐ நீங்கள் போட்ட கணக்கைவிடக் கூடுதலாக இருக்கிறது என்றால் அது நான்காவது வகை. பிளானின் விலை கடனுக்குள்ளேயே சேர்ந்திருக்கிறது. நிறுத்தும் முறை இந்த நான்கிலும் வேறு வேறு என்பதால், இதைக் கண்டுபிடிக்காமல் கஸ்டமர் கேருக்கு போன் போட்டுப் பயனில்லை.

4. ஆட்டோபேயை நிறுத்திட்டா முடிஞ்சது, வேற என்ன இருக்கு?

பிளான் ஒன்று, பணம் எடுக்கும் அனுமதி இன்னொன்று. அனுமதியை மட்டும் ரத்து செய்தால் பணம் நிற்கும், ஆனால் பிளான் கம்பெனியின் கணக்கில் நீங்கள் பணம் கட்டாத வாடிக்கையாளராகத்தான் இருப்பீர்கள். சில பிளான்களில் குறைந்தபட்சம் இத்தனை மாதம் என்று நிபந்தனை இருக்கும், அதைக் காட்டிப் பாக்கி கேட்டு போன் வரும். மாறாக, பிளானை மட்டும் ரத்து செய்துவிட்டு அனுமதியை விட்டுவைத்தால், யாரோ ஒருவர் கம்ப்யூட்டரில் பதிய மறந்ததால் அடுத்த மாதமும் பணம் போகும்.

அதனால் இரண்டும் வேண்டும், அதுவும் இந்த வரிசையில்: முதலில் பிளானை ரத்து செய்யச் சொல்லி எழுத்தில் அனுப்புங்கள், அந்தக் கோரிக்கைக்கு ஒரு எண் வாங்குங்கள், அதன் பிறகு அனுமதியை ரத்து செய்யுங்கள். அடுத்த பிடித்தத்துக்கு ஓரிரு நாள்தான் இருக்கிறது என்றால் இரண்டையும் ஒரே நாளில் செய்துவிடலாம். கடிதம் முன்னால் போக வேண்டும், அவ்வளவுதான்.

5. சரி, யாருக்கு எழுதுறது? என்னன்னு எழுதுறது?

பிளான் சான்றிதழிலோ தொடக்க மெயிலிலோ உள்ள முகவரிக்கு எழுதுங்கள், கடையின் மெயில் முகவரியையும் அதிலேயே சேருங்கள். கூகுளில் தேடிக் கிடைக்கும் கஸ்டமர் கேர் எண்ணை நம்ப வேண்டாம், ஏன் என்று 16-இல் சொல்கிறேன். போனில் பேசினாலும் பேசிய பிறகு ஒரு மெயில் போட்டுவிடுங்கள். பேசியது அவர்களிடம் பதிவாக இருக்கும், உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

நான் எழுதிக் கொடுப்பது இவ்வளவுதான்: “(தேதி) அன்று (பில் எண்) பில்லில் வாங்கிய போனுக்கு, ஐஎம்இஐ எண் (...), என் பெயரில் உள்ள (பிளான் எண்) பிளானை இன்று முதல் ரத்து செய்யவும். இனி என் கணக்கிலிருந்து பணம் எடுக்க அனுமதி இல்லை. இதுவரை எடுத்த (தொகை) ரூபாயில் திரும்பத் தர வேண்டிய தொகையையும் கணக்கையும் எழுத்தில் தெரிவிக்கவும். ரத்து உறுதிக் கடிதமும் வேண்டும்.” ஐஎம்இஐ எண் தெரியாவிட்டால் `*#06#` என்று டயல் செய்தால் திரையிலேயே வரும். ஏன் ரத்து செய்கிறீர்கள் என்று விளக்கம் எழுதாதீர்கள். காரணம் சொன்னால் அதற்குப் பதில் சொல்ல ஆரம்பிப்பார்கள், ரத்து மட்டும் நடக்காது. ஆனால் சம்மதம் கேட்காமலே சேர்த்தார்கள் என்றால் அது வேறு. அதைக் கட்டாயம் ஒரு வரியில் எழுத வேண்டும்.

6. அம்மா போனில் ஆட்டோபே லிஸ்ட் காலியா இருக்கு. ஆனா பணம் போகுது. எப்படி?

அனுமதி எந்த யுபிஐ ஆப்பில் கொடுக்கப்பட்டதோ அந்த ஆப்பில்தான் முதலில் தேட வேண்டும். அம்மா தினமும் பயன்படுத்துவது ஒரு ஆப்பாக இருக்கும். கவுண்டரில் பையன் “இதுல சீக்கிரம் ஆகும்மா” என்று வேறொன்றைத் திறந்திருப்பான். பழைய போனில் இருந்த ஆப், வங்கியின் சொந்த ஆப், எல்லாவற்றிலும் பாருங்கள். ப்ரொஃபைல் படத்தைத் தொட்டால் உள்ளே `Autopay` என்றோ `Mandates` என்றோ இருக்கும். கணக்கு அப்பா பெயரில் இருந்து, பில் போடும்போது அவர் போனில் க்யூஆர் ஸ்கேன் செய்திருந்தால் அது அவருடைய ஆப்பில்தான் இருக்கும். பாதி வீடுகளில் விடை இதுதான்.

கிடைத்ததும் அதைத் தொட்டு `Revoke` அல்லது `Cancel` கொடுத்து யுபிஐ பின்னைப் போட்டால் முடிந்தது. `Pause` வேண்டாம், அது தற்காலிகமாக நிறுத்துவது மட்டுமே. ரத்தான திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். எந்த ஆப்பிலும் கிடைக்கவில்லை என்றால் ஸ்டேட்மெண்டில் உள்ள பரிவர்த்தனை எண்ணோடு வங்கிக் கிளைக்குப் போங்கள். அவர்களால் தேட முடியும்.

இன்னொன்று. இப்படித் தொடர்ந்து எடுக்கும் பணத்துக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் அறிவிப்பு வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு மாதமும் பின் கேட்காமலே எடுக்கலாம், அதனால்தான் 199 போவது கண்ணில் படுவதில்லை. அந்த முன்னறிவிப்பு உங்களுக்கு வரவேயில்லை என்றால் புகாரில் அதையும் எழுதுங்கள்.

7. எனக்கு ஏசிஹெச்னு வருது. பேங்க்ல கேட்டா கம்பெனியைக் கேளுங்கங்கறாங்க, கம்பெனி பேங்க்கைக் கேளுங்கங்குது.

இரண்டு பக்கமும் ரத்து செய்ய முடியும். வங்கியில் வாயால் கேட்டால் இப்படித்தான் அனுப்புவார்கள், எழுதிக் கொடுங்கள். ஒவ்வொரு அனுமதிக்கும் யுஎம்ஆர்என் என்ற எண் உண்டு. நெட்பேங்கிங்கில் மாண்டேட் பகுதியில் அல்லது பதிவானபோது வந்த குறுஞ்செய்தியில் இருக்கும். “இந்த யுஎம்ஆர்என் எண்ணுள்ள மாண்டேட்டை ரத்து செய்யவும்” என்று எழுதி, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பல வங்கிகளில் இதை நெட்பேங்கிங்கிலேயே செய்யலாம். யுபிஐ மாதிரி உடனே ஆகாது, அதனால் அடுத்து பணம் எடுக்கும் தேதிக்கு ஒரு வாரமாவது முன்னால் கொடுங்கள்.

கணக்கில் காசு வைக்காமல் விட்டால் தானே திரும்பிப் போய்விடும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். வேண்டாம். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் வங்கி அபராதம் போடும், அது அந்த 199-ஐவிட அதிகமாகவே இருக்கும்.

கார்டில் போகிறவர்களுக்கும் இதிலேயே சொல்லிவிடுகிறேன். கார்டு கொடுத்த வங்கியின் ஆப்பில் தொடர் கட்டளைகள் பகுதியில் போய் எடுத்துவிடலாம். எப்போது வேண்டுமானாலும் விலகும் வசதியை வங்கி தர வேண்டும், அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது.

8. நோ காஸ்ட் இஎம்ஐன்னாங்க. ஆனா கணக்குப் போட்டா மாசம் 280 ரூபாய் கூட வருது.

இது பலருக்கும் நடப்பதால் ஒரு முழுக் கணக்கையே போட்டுக் காட்டுகிறேன். போன் விலை 22,000. கையில் கட்டியது 4,000. மீதி 18,000, ஒன்பது மாதம் என்றால் மாதம் 2,000 வர வேண்டும். ஆனால் இஎம்ஐ 2,280. கூடுதல் 280, ஒன்பது மாதத்துக்கு 2,520. பில்லின் இரண்டாவது பக்கத்தில் “எக்ஸ்டெண்டட் வாரண்டி 2,520” என்று இருக்கிறது. அதாவது கடன் 18,000 இல்லை, 20,520. கவுண்டரில் “மாசம் வெறும் 280 தான் சார்” என்று சொன்னது மாதப் பிளான் மாதிரிக் காதில் விழுந்தது. உண்மையில் முழு விலையும் முதல் நாளே கடனாகிவிட்டது.

இங்கே ஒரு தவறு செய்யவே கூடாது. வாரண்டி வேண்டாம் என்று இஎம்ஐ மாண்டேட்டை ரத்து செய்யாதீர்கள், குறைத்தும் கட்டாதீர்கள். கடன் கொடுத்த நிறுவனத்துக்கு அது தவணை தவறியதாகத்தான் தெரியும். அபராதம் வரும், சிபில் மதிப்பெண் இறங்கும். இஎம்ஐயைக் கட்டிக்கொண்டே பிளானை ரத்து செய்து, அந்தப் பணத்தைக் கடன் கணக்கில் வரவு வைக்கச் சொல்லுங்கள். மேலே சொன்ன கணக்கில் இரண்டு தவணை கட்டிய பிறகு ரத்தானால், மீதி ஏழு தவணைக்கு 15,960. அதில் 2,520 வரவு வைத்தால் 13,440. ஏழு மாதத்துக்கு மாதம் 1,920 என்று மாற்றுவார்கள், அல்லது இஎம்ஐ 2,280 ஆகவே இருந்து ஐந்து மாதம் கட்டி ஆறாவது மாதம் 2,040 ரூபாயோடு முடியும். எந்த முறை என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள், புதிய தவணை அட்டவணையும் சேர்த்து.

கடன் 2024 அக்டோபர் 1-க்குப் பிறகு வாங்கியது என்றால் கடன் ஆவணங்களில் முக்கிய விவரத் தாள் ஒன்று இருக்க வேண்டும். மெயிலில் பிடிஎஃப் ஆக வந்திருக்கும். மூன்றாம் நபருக்குப் போகும் தொகைகளை அதில் தனியாகக் காட்ட வேண்டும், உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். அதில் இல்லாத கட்டணத்தை உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பிறகு வசூலிக்கக் கூடாது. வாரண்டித் தொகை அந்தத் தாளில் எங்குமே தென்படவில்லை என்றால் உங்கள் புகாரின் முதல் வரி அதுதான்.

9. கடைக்காரர், “அது வேற கம்பெனி சார், எங்களுக்குச் சம்பந்தமே இல்லை”ங்கறார்.

பில்லை எடுத்துப் பாருங்கள். கடையின் ஜிஎஸ்டி எண் போட்ட பில்லிலேயே வாரண்டியும் ஒரு வரியாக இருந்தால், அதை விற்றது கடைதான். சம்பந்தமில்லை என்று சொல்ல வழியில்லை. வாரண்டிக்குத் தனி பில், வேறு ஜிஎஸ்டி எண் என்றால் ரத்து செய்ய வேண்டியது அந்தக் கம்பெனி. அப்போதும் என்ன சொல்லி விற்றார்கள் என்பதற்குக் கடை பதில் சொல்ல வேண்டும்.

உள்ளே இருந்தவன் என்பதால் சொல்கிறேன்: இத்தனை போனுக்கு இத்தனை பிளான் என்று விற்பனைப் பையனுக்கு டார்கெட் உண்டு, விற்றால் ஊக்கத்தொகை. ரத்தானால் அது அவன் கணக்கில் கழியும். ஆகவே அவனிடம் கேட்டால் “நான் பார்த்துக்கறேண்ணே” என்பான், மாதம் முடியும் வரை இழுப்பான். அவனோடு சண்டை போடாதீர்கள், மேனேஜர் மெயிலுக்கு எழுதுங்கள்.

10. “இதை எடுத்தாத்தான் ஆஃபர், எடுக்கலைன்னா லோன் அப்ரூவ் ஆகாது”ன்னு சொன்னாங்களே?

ஒரு பொருளை வாங்க இன்னொன்றையும் வாங்கியாக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் கட்டுப்பாட்டு வணிக நடைமுறை என்ற வகையில் வரும். புகார் கொடுக்க அதுவே போதும். அதைச் சொன்னதற்கு ஆதாரம் இருக்கிறதா என்பதுதான் சிக்கல். வாட்ஸ்அப்பில் கடைக்காரர் விலை அனுப்பியிருந்தால் அதைத் தேடுங்கள். “பிளானோடு 24,520, இல்லாமல் இல்லை” என்கிற மாதிரி ஒரு வரி இருந்தாலே போதும். இல்லாவிட்டாலும் உங்கள் மெயிலில் எழுதுங்கள். மறுத்துப் பதில் வரவில்லை என்றால் அதுவும் பிறகு உதவும்.

பிளானை ரத்து செய்தால், அதை எடுத்ததால் கிடைத்த தள்ளுபடியைத் திரும்பக் கட்டும்படி கடைக்காரர் உங்களிடம் கேட்கலாம். பில்லில் அந்தத் தள்ளுபடி பிளானோடு சேர்த்து எழுதியிருந்தால் மட்டும் அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

11. இதுவரைக்கும் போன பணம் திரும்ப வருமா வராதா?

மாதாமாதம் போகும் டேமேஜ் பிளானில், முடிந்த மாதங்களுக்கான பணம் பொதுவாகத் திரும்ப வராது. அந்த மாதங்களில் போன் உடைந்திருந்தால் கிளெய்ம் கிடைத்திருக்கும் என்பது அவர்கள் வாதம், அது தவறென்றும் சொல்ல முடியாது. மொத்தமாகக் கட்டியது என்றால் மீதி மாதங்களுக்கான தொகையைக் கேளுங்கள். ஒரு வருஷத்துக்கு 2,520 கட்டி இரண்டு மாதத்தில் நிறுத்தினால் பத்து மாதத்துக்கு 2,100. சில பிளான்களில் முதல் சில நாட்களுக்குள் ரத்து செய்தால் முழுப் பணம் என்றும், அப்புறம் ஒன்றும் இல்லை என்றும் நிபந்தனை இருக்கும். நிபந்தனைத் தாளில் ரத்து, ரீஃபண்ட் என்ற தலைப்பைத் தேடிப் படியுங்கள். மற்றதைப் படிக்காவிட்டாலும் பரவாயில்லை.

முழுத் தொகையும் கேட்கத் தகுந்த இரண்டு நிலைமை உண்டு. ஒன்று, 2-இல் சொன்னது போல கவரேஜே இன்னும் தொடங்காத எக்ஸ்டெண்டட் வாரண்டி. இன்னொன்று, பிளான் ஆக்டிவேட்டே ஆகாதது. சில டேமேஜ் பிளான்களில் வாங்கிய சில நாட்களுக்குள் ஸ்கிரீனைப் படம் எடுத்து அவர்களுடைய ஆப்பில் ஏற்றினால்தான் பிளான் உயிர் பெறும். கவுண்டரில் அதை யாரும் சொல்வதில்லை. ஆகவே பிளானின் நிலை என்ன என்று முதலில் எழுத்தில் கேளுங்கள். “ஆக்டிவேட் ஆகவில்லை” என்று பதில் வந்தால், கிளெய்ம் கேட்டிருந்தால் மறுத்திருப்பார்கள் என்று அர்த்தம். அப்படிப்பட்ட மாதங்களுக்கு எதற்குப் பணம் எடுத்தீர்கள் என்று கேட்கலாம்.

12. “ஓடிபி சொன்னது நீங்கதானே”ன்னு மடக்குறாங்க.

ஓடிபி வந்த மெசேஜைத் திறந்து எதற்காக வந்தது என்று படியுங்கள். கடன் ஒப்பந்தத்துக்கு என்று இருக்கலாம், போன் எண்ணை உறுதி செய்ய என்று இருக்கலாம். அதில் பிளான் பெயரும் தொகையும் இல்லை என்றால், அந்த ஓடிபி பிளானுக்குச் சம்மதம் ஆகாது. இதை அப்படியே ஸ்கிரீன்ஷாட்டோடு பதிலாக அனுப்புங்கள். பிளானுக்கு எப்போது, எப்படிச் சம்மதம் வாங்கினீர்கள், அந்தப் பதிவை அனுப்புங்கள் என்று கேளுங்கள். பல வழக்குகள் இந்தக் கேள்வியிலேயே முடிந்துவிடும்.

மெசேஜில் பிளான் பெயர், தொகை, எத்தனை மாதம் என்று எல்லாம் தெளிவாக இருந்து நீங்களே பின் போட்டிருந்தால், சம்மதம் இல்லை என்ற வாதத்தை விட்டுவிடுங்கள். இன்று முதல் ரத்து என்று மட்டும் கேட்டால் காரியம் சீக்கிரம் நடக்கும்.

13. ஸ்கிரீன்ல கீறல் இருக்கு. கிளெய்ம் பண்ணிட்டு அப்புறம் நிறுத்தட்டுமா?

பண்ணலாம். காசு கட்டியிருக்கிறீர்கள், உங்கள் உரிமை. ஆனால் போன் சரியாகிக் கைக்கு வந்த பிறகு ரத்துக் கடிதம் அனுப்புங்கள். நடுவில் அனுப்பினால் கிளெய்மும் தொங்கும். கிளெய்ம் எடுத்த பிறகு மீதிப் பணம் திரும்ப வராது, சில பிளான்களில் வருஷம் முடியும் வரை மாதத் தொகையைக் கட்டச் சொல்வார்கள். ரிப்பேர் செலவில் உங்கள் பங்கு எவ்வளவு என்றும் முன்னாலேயே கேளுங்கள். வெறும் கீறல் என்றால் பெரும்பாலும் கிளெய்மே கிடையாது, உடைந்திருக்க வேண்டும்.

14. போனை வித்துட்டேன். பிளான் தானா நின்னுடுமா?

நிற்காது. போனைத் தொலைத்தாலும் நிற்காது. 4, 5-இல் சொன்னதைச் செய்யுங்கள். பிளான் ஐஎம்இஐ எண்ணோடு கட்டப்பட்டது என்பதால் விற்ற ரசீது இருந்தால் சேர்த்து அனுப்புங்கள்.

15. ரத்தாயிடுச்சுன்னு மெயிலே வந்தது. ஆனா அடுத்த மாசமும் எடுத்துட்டாங்க!

அந்த மெயில்தான் உங்கள் பலம். அதையும் பிடித்த தேதியையும் போட்டு, எடுத்த தொகையைத் திருப்பித் தரச் சொல்லிக் கம்பெனிக்கு எழுதுங்கள். அதே நாளில் யுபிஐ ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து புகார் பதியுங்கள், ஏசிஹெச் என்றால் வங்கியில் எழுத்துப் புகார் கொடுங்கள். அனுமதியையும் ரத்து செய்திருந்தும் வங்கி பணம் விட்டிருந்தால் அது வங்கியின் பிழை. வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ மறுத்துவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் `cms.rbi.org.in` தளத்தில் புகார் போடலாம். சந்தேகம் கேட்க 14448. இஎம்ஐ கொடுத்த நிதி நிறுவனத்தின் மீதான புகாருக்கும் அதே தளம். கடை மீதும் வாரண்டி கம்பெனி மீதும் அங்கே போட முடியாது, அதற்கு 17-ஐப் பாருங்கள்.

16. கேன்சல் பண்ணித் தர்றோம், ரீஃபண்ட் வரும்னு ஒருத்தர் போன் பண்றார். நம்பலாமா?

நம்பாதீர்கள். பணம் உங்களுக்கு வர யுபிஐ பின் தேவையே இல்லை. பின் போடச் சொன்னாலும், திரையைப் பகிரும் ஆப்பை இறக்கச் சொன்னாலும் உடனே வைத்துவிடுங்கள். கூகுளில் கிடைக்கும் போலி கஸ்டமர் கேர் எண்களுக்கு நாம் போன் செய்த பிறகு இப்படி அழைப்புகள் வரும். ஏற்கெனவே பணம் போய்விட்டது என்றால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு உடனே அழையுங்கள்.

உண்மையான கம்பெனிக்காரரும் அழைப்பார், அவர் செய்வது வேறு. “பாதி விலைக்குத் தர்றோம், மூணு மாசம் இலவசம்” என்று பேசுவார். அதற்கு சரி என்று சொன்னால் ரத்துக் கோரிக்கை முடிந்ததாகப் பதிவாகிவிடும். மெயிலில் சொல்லியிருக்கிறேன், அதன்படி செய்யுங்கள் என்று மட்டும் சொல்லி வையுங்கள்.

17. யாரும் பதிலே சொல்லலை. கோர்ட்டுக்குப் போற அளவுக்கு இது வொர்த்தா?

முதலில் 1915. தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். பில், மெயில், ஸ்டேட்மெண்ட் படங்களை ஏற்றிப் புகார் பதிந்தால் அவர்கள் கம்பெனிக்கு அனுப்புவார்கள். தீர்ப்பு சொல்லும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது. ஆனால் இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய்க்குப் பெரிய கம்பெனிகள் அங்கே வந்த புகாரை இழுப்பதில்லை, பெரும்பாலும் தீர்ந்துவிடும். சின்ன கடைகள் பதிலே போடாமல் இருப்பதும் உண்டு.

அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கடை எங்கே இருந்தாலும் சரி. பொருளுக்கும் சேவைக்கும் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை, இணையத்தில் இ-ஜாக்ரிதி தளத்திலேயே பதியலாம். பிரச்சினை எழுந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் கடைக்கும் கம்பெனிக்கும் 15 நாள் அவகாசம் கொடுத்துப் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். என் அனுபவத்தில் அந்தத் தபால் போய்ச் சேர்ந்த பிறகுதான் பலருக்கு போன் வந்திருக்கிறது. வெறும் 199 ரூபாய் ஒரு மாதம் போனதற்கு ஆணையம் வேண்டாம், அலைச்சல்தான் மிச்சம். கடனுக்குள் ஒளித்த தொகை என்றால் போகலாம்.

18. பில் தம்பி பேர்ல, போன் அப்பாகிட்ட, பணம் போறது என் அக்கவுண்ட்ல. யார் ரத்து செய்யணும்?

பிளானை ரத்து செய்ய எழுத வேண்டியது சான்றிதழில் யார் பெயர் இருக்கிறதோ அவர், இங்கே அநேகமாகத் தம்பி. அவருடைய பதிவு செய்த எண்ணிலிருந்தோ மெயிலிலிருந்தோ போனால்தான் ஏற்பார்கள். அனுமதியை ரத்து செய்வது கணக்குக்காரரான நீங்கள் மட்டும்தான், அதற்குத் தம்பியின் கையெழுத்தோ கம்பெனியின் சம்மதமோ தேவையில்லை. அப்பா ஒன்றும் செய்ய வேண்டாம், `*#06#` போட்டு எண்ணைச் சொன்னால் போதும்.

தம்பி வெளிநாட்டில் இருக்கிறார், சிம் செயல்படவில்லை என்றால் அவர் மெயிலிலிருந்து பில்லையும் அடையாள அட்டை நகலையும் இணைத்து எழுதச் சொல்லுங்கள். ஆதார் என்றால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் நகலாக அனுப்பலாம். ரீஃபண்ட் யார் கணக்குக்கு வர வேண்டும் என்பதையும் அந்த மெயிலிலேயே எழுதிவிடுங்கள். பணம் எடுத்த கணக்குக்கே திருப்பித் தரவும் என்று எழுதுவது நல்லது, இல்லையென்றால் தம்பியின் செயல்படாத கணக்குக்கு அனுப்பிவிட்டு முடித்துவிட்டோம் என்பார்கள்.